திருப்பூர் சுத்திகரிப்பு நிலையத்தில் பணிபுரியும் முன்னாள் மாணவரிடம் 20 நிமிட உரையாடல் கேட்டு மடல் எழுதுகிறேன்: வரைவைப் பார்த்துச் சொல்லுங்கள்

பவானி மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வேதிப்பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த பருவத்தில் விருப்பப் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெம்பரேன் வழிப் பிரித்தெடுத்தலா, வெப்பப் பரிமாற்றக் கருவிகளின் வடிவமைப்பா என்ற இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் துறைக்குப் போக வேண்டும் என்பது மட்டும் மனத்தில் உறுதியாக இருக்கிறது. ஆனால் அந்தத் துறையில் ஒரு பொறியாளரின் வேலை நாள் எப்படிக் கழிகிறது என்று சொல்ல எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. எங்கள் துறையின் முன்னாள் மாணவர் பட்டியலில் 2011ஆம் ஆண்டு படிப்பை முடித்த ஒருவர், திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்கான பொது சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பொறுப்பில் இருப்பதாகப் பார்த்தேன். அவரிடம் 20 நிமிடம் பேச அனுமதி கேட்டு மின்னஞ்சல் எழுத விரும்புகிறேன். வரைவு இது:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் தாங்கள் படித்த கல்லூரியில் வேதிப்பொறியியல் மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவி. எனக்குச் சிறு வயது முதலே சுற்றுச்சூழல் பாதுகாப்பில் மிகுந்த ஆர்வம் உண்டு. தாங்கள் இத்துறையில் பல்லாண்டு அனுபவம் பெற்றவர் என்று அறிந்து பெருமகிழ்ச்சி அடைந்தேன். தங்கள் துறையைப் பற்றியும் அதன் எதிர்காலத்தைப் பற்றியும் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டு எனக்கு வழிகாட்ட வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் தன்விவரக் குறிப்பை இணைத்துள்ளேன். தங்கள் நிறுவனத்தில் பயிற்சி வாய்ப்பு ஏதேனும் இருந்தாலும் தெரிவிக்கவும். தங்களுக்கு வசதியான நேரத்தில் பேசலாம். நன்றி."

இதில் எதைத் திருத்த வேண்டும் என்று சொன்னால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.

---

ஏற்காட்டுக்காரர் எழுதியது:

பெரிய குறை நீளம்தான். பொறுப்பில் இருப்பவர்கள் இவ்வளவையும் படிக்க மாட்டார்கள். "ஐயா, நான் உங்கள் கல்லூரி மாணவி, உங்கள் துறையைப் பற்றி 20 நிமிடம் பேச வேண்டும், எப்போது அழைக்கலாம்?" என்று இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். தன்விவரக் குறிப்பு இருக்கட்டும். நீங்கள் யார் என்பதை அது சொல்லிவிடும், மடலில் தனியாக எழுத வேண்டியதில்லை.

---

உப்பும் நீரும் எழுதியது:

நான் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளில் நீண்ட காலம் சுத்திகரிப்பு நிலையங்களை இயக்கியவன். மாணவர்களிடமிருந்து இப்படிப்பட்ட மடல்கள் எனக்கும் வருகின்றன. ஆகவே பெறுபவரின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அவர் இந்த மடலை மேசையில் அமர்ந்து படிக்கப்போவதில்லை. ஆர்.ஓ. அறையில் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எவாப்பரேட்டர் பக்கம் நடக்கும்போது கைப்பேசியில் படிப்பார். அப்போது அவர் மனத்தில் எழும் கேள்விகள் மூன்றே. இவர் யார், என்னை ஏன் தேடி வந்தார், இதற்கு என் நேரம் எவ்வளவு போகும்? உங்கள் வரைவு முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறது. "பல்லாண்டு அனுபவம் பெற்றவர்" என்பதை எந்த மூத்தவருக்கும் எழுதலாம் என்பதால் இரண்டாம் கேள்விக்கு அது விடையாகாது. 20 நிமிடம் என்பதை எங்களிடம் சொன்னீர்கள், மடலில் சொல்லவில்லை.

ஏற்காட்டுக்காரர் சொன்னபடி சுருக்கம் தேவைதான். ஆனால் அவருடைய இரண்டு வரியில் "ஏன் என்னை" என்பதும் சேர்ந்து போய்விடுகிறது. மடல் எதற்காக எழுதப்படுகிறதோ அந்தப் பகுதியை வெட்டிவிட்டுச் சுருக்கினால் பயனில்லை. வெட்ட வேண்டியவை சிறு வயது ஆர்வமும் பெருமகிழ்ச்சியும்தான்.

தன்விவரக் குறிப்பை இணைக்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். அந்தக் கோப்பைப் பார்த்தவுடன் இது வேலை கேட்கும் மடல் என்று முடிவு செய்து, பணியாளர் பிரிவுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுவார்கள். பயிற்சி வாய்ப்பைப் பற்றிய வரியும் அதையே செய்கிறது. வாய்ப்புக் கொடுக்கும் அதிகாரம் இல்லாதவர் அந்த வரியைப் பார்த்துச் சங்கடப்பட்டு, இல்லை என்று எழுதுவதற்குத் தயங்கி, ஒன்றுமே எழுதாமல் விட்டுவிடுவார். உரையாடலுக்கு ஒப்புக்கொள்ள எவர் அனுமதியும் வேண்டாம், வேலை தருவதற்குப் பலருடைய அனுமதி வேண்டும். இரண்டையும் ஒரே மடலில் கேட்டால், கடினமான கோரிக்கையோடு எளிய கோரிக்கையும் நின்றுவிடும்.

---

கரூர் அப்பா எழுதியது:

வேலைக்காக என்றால் மின்னஞ்சலில் காலம் கழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. என் மகன் படிப்பை முடித்தபோது உறவினர் ஒருவருடைய பரிந்துரையோடு நேரடியாகத் திருப்பூரில் ஒரு நிறுவனத்துக்குப் போய்த் தன்விவரக் குறிப்பைக் கொடுத்தான், வேலை கிடைத்தது. அந்த முன்னாள் மாணவர் உங்களுக்காக ஒரு சொல் சொன்னால் போதும். அதைத் தெளிவாகக் கேட்டுவிடுவதுதான் நல்லது. சுற்றி வளைத்துப் பேசினால் அவருக்கும் புரியாது.

---

பவானி மாணவி எழுதியது:

கரூர் அப்பா அவர்களுக்கு நன்றி. எனக்கு இப்போது வேலை தேவையில்லை, படிப்பு முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. எந்தப் பாடத்தை எடுப்பது என்று முடிவு செய்யும் முன், அந்த வேலையைச் செய்யும் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன், அவ்வளவுதான். பயிற்சி வாய்ப்பைப் பற்றிய வரியை எங்கள் வேலைவாய்ப்புப் பிரிவு கொடுத்த மாதிரி மடலிலிருந்து எடுத்தேன். அது ஏன் குழப்புகிறது என்று இப்போது விளங்குகிறது.

உப்பும் நீரும் அவர்களிடம் ஒரு கேள்வி. "ஏன் என்னை" என்பதற்கு விடை எழுத வேண்டுமென்றால் அவர் செய்யும் வேலை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாததால்தானே அவரிடம் பேசவே விரும்புகிறேன்? தெரியாத துறையைப் பற்றிக் குறிப்பான கேள்வியை எப்படி உருவாக்குவது?

---

உப்பும் நீரும் எழுதியது:

சரியான கேள்வி. துறை முழுவதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பொதுவெளியில் எல்லோருக்கும் கிடைக்கும் செய்தி எந்த இடத்தில் முடிகிறதோ அதுவரை நீங்கள் நடந்து வந்திருக்க வேண்டும். அதற்கு அப்பால் உள்ளதை மட்டும் அவரிடம் கேட்க வேண்டும். திருப்பூரை வைத்தே செய்து காட்டுகிறேன்.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, சாயம் நீரை விட்டுத் துணியில் ஏறுவதற்காக நிறைய உப்பு போடுகிறார்கள். சாயக் குளியலின் ஒவ்வொரு லிட்டருக்கும் பல பத்து கிராம் உப்பு போகிறது. சாயத்தின் பெரும்பகுதி துணியில் நின்றுவிடும், உப்பு நிற்காது. அது முழுவதும் கழிவுநீரோடு வந்துவிடும். நுண்ணுயிர்த் தொட்டி கரிமக் கழிவைத் தின்னும், உப்பை ஒன்றும் செய்யாது. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டதற்கு உப்பு பெரிய காரணம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்கு வந்தால்தான் திறக்கலாம் என்ற நிலை ஏற்பட்டதும் செய்தித்தாள் படித்தவர்களுக்குத் தெரியும்.

அந்த முறையில் ஆர்.ஓ. மெம்பரேன்கள் நல்ல நீரைப் பிரித்துச் சாயப்பட்டறைக்கே திருப்பி அனுப்புகின்றன. மிஞ்சும் அடர்ந்த உப்பு நீரை, நாங்கள் ரிஜெக்ட் என்று சொல்வதை, எவாப்பரேட்டரில் ஆவியாக்கி உப்பாக எடுக்கிறார்கள். மெம்பரேன் பகுதி மின்சாரத்தைத் தின்கிறது, எவாப்பரேட்டர் நீராவியைத் தின்கிறது. அளவில் குறைவான நீர் போனாலும் செலவில் எவாப்பரேட்டரின் பங்கு பெரிது. இவ்வளவையும் யாரையும் தொந்தரவு செய்யாமல் நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது உங்கள் இரண்டு விருப்பப் பாடங்களைப் பாருங்கள். ஒன்று ஆர்.ஓ. அறைக்குள் நிற்கிறது, மற்றொன்று எவாப்பரேட்டர் மேடையில் நிற்கிறது. அந்த நிலையத்தில் புதிதாகச் சேரும் பொறியாளரை முதலில் எங்கே நிறுத்துகிறார்கள், எந்த இடத்தில் பொறியாளரின் தீர்ப்பு அதிகம் தேவைப்படுகிறது, எந்த இடத்தை ஆபரேட்டர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அதைச் சொல்லக்கூடியவர் அவர். ஆகவே உங்கள் கேள்வி உங்களிடமே இருந்தது. எங்களிடம் முதல் பத்தியில் அதைச் சொல்லிவிட்டு, அவருக்கு எழுதும்போது விட்டுவிட்டீர்கள்.

கேட்கக் கூடாதவை என்றும் சில உண்டு. யார் இரவில் கழிவுநீரைத் திறந்துவிடுகிறார்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எப்போது சோதனைக்கு வருகிறது, எந்த உறுப்பினர் ஆலை எவ்வளவு நீர் அனுப்புகிறது என்பவை அவருடைய நிலையத்தின் உள் விவகாரங்கள். ஆர்வத்தால் கேட்டாலும், செய்தியாளரோ வழக்குத் தொடுப்பவரோ அனுப்பிய ஆள் என்று அவர் ஐயப்படலாம். நீதிமன்றத்தையும் வாரியத்தையும் பார்த்துப் பழகிய தொழில் இது. அந்த எச்சரிக்கை அவர்களுக்கு இயல்பு.

---

பின்னலாடை அக்கா எழுதியது:

நான் இந்தத் தொழிலின் மறுபக்கத்தில், ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். என் கல்லூரித் தங்கைகளிடமிருந்து இத்தகைய மடல்கள் வருவதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

"தங்களுக்கு வசதியான நேரத்தில் பேசலாம்" என்பது பணிவான வரியாகத் தோன்றும். ஆனால் வேலையை என் தலையில் வைப்பது அந்த வரிதான். நான் நாட்காட்டியைத் திறந்து, நேரம் தேடி, எழுதி, அது அந்தப் பெண்ணுக்கு ஒத்துவருமா என்று மீண்டும் கேட்க வேண்டும். "அடுத்த வாரம் செவ்வாய் அல்லது வியாழன் மாலை 6 மணிக்குப் பின், அல்லது ஞாயிறு காலை" என்று எழுதினால் நான் "ஞாயிறு 10 மணி" என்று மட்டும் திருப்பி அனுப்பலாம். நீங்கள் வகுப்பில் இல்லாத நேரமாகவும் அது இருக்க வேண்டும். ஒரு மாணவி நேரம் குறித்துவிட்டு அந்த நேரத்தில் ஆய்வகத் தேர்வில் இருந்தாள், அதன்பின் எங்கள் உரையாடல் நடக்கவே இல்லை.

இன்னொன்று, பெண் பிள்ளைகளுக்கு. முன்பின் தெரியாத ஒருவருக்கு முதல் மடலிலேயே சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுக்க வேண்டாம். கல்லூரி மின்னஞ்சல் முகவரியிலிருந்து எழுதுங்கள். அவர் ஒப்புக்கொண்ட பின் கூகுள் மீட் இணைப்பை நீங்களே உருவாக்கி அனுப்புங்கள். நல்ல மனிதர் எவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். கல்லூரி முகவரியிலிருந்து வருவது நீங்கள் உண்மையிலேயே அந்தக் கல்லூரி மாணவிதான் என்பதற்கும் சான்றாக இருக்கும்.

"ஐயா" என்ற விளிப்பு எனக்கு அரசு அலுவலக விண்ணப்பத்தை நினைவூட்டுகிறது. எங்கள் கல்லூரியில் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் அண்ணா, அக்கா என்றே அழைப்போம்.

---

ஏற்காட்டுக்காரர் எழுதியது:

தன்விவரக் குறிப்பைப் பற்றி உப்பும் நீரும் சொல்வதை ஏற்கிறேன், அதை அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. ஆனால் "அண்ணா" என்பதை ஏற்க முடியாது. 2011இல் படித்து முடித்தவர் இன்று பெரும் பொறுப்பில் இருப்பவர். பார்த்தே இராத ஒருவரை முதல் மடலில் அண்ணா என்பது உரிமை எடுத்துக்கொள்வதாகும். அவரே அப்படி அழைக்கச் சொன்ன பின் அழைக்கலாம். "சார்" என்பதுதான் எல்லோருக்கும் பொருந்தும்.

மேலும் அந்தப் பொறுப்பில் இருப்பவர்கள் ஆங்கிலத்தில்தான் அலுவலக மடல்களை எழுதுகிறார்கள். தமிழில் எழுதினால் ஆங்கிலம் தெரியாத மாணவி என்று நினைத்துவிடக் கூடும்.

---

உப்பும் நீரும் எழுதியது:

விளிப்பைப் பொறுத்தவரை கல்லூரிக்குக் கல்லூரி வழக்கம் மாறும். மாணவியே தன் துறையில் நான்காம் ஆண்டு மாணவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

மொழியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. நிலையத்தில் நாங்கள் நாள் முழுவதும் பேசுவது தமிழ். பம்பு, மெம்பரேன், ரிஜெக்ட் என்ற சொற்கள் மட்டும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. தெளிவான தமிழில் நல்ல கேள்வியோடு வந்த மடலை, பாராட்டுகளால் நிறைந்த ஆங்கில மடலைவிட நான் விரைவில் திறப்பேன். ஆனால் இது என் பழக்கம். அந்த மூத்தவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது.

---

பின்னலாடை அக்கா எழுதியது:

என்னைக் கேட்டால் ஆங்கிலத்தில் எழுதி, உரையாடல் தமிழில் நடக்கலாம் என்று ஒரு வரி சேர்ப்பேன். என் அலுவலகக் கணினியில் தமிழ் மடலின் பொருள் வரி சில நேரம் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. அப்படித் தெரிவதைத் திறக்காமலே அழித்துவிடுகிறோம்.

---

பவானி மாணவி எழுதியது:

நான்காம் ஆண்டு அக்காக்களிடம் கேட்டேன். எங்கள் துறையில் முதல் மடலில் "சார்" என்றும் பேசிப் பழகிய பின் "அண்ணா" என்றும் அழைப்பது வழக்கமாம். மொழியை இன்னும் முடிவு செய்யவில்லை, உள்ளடக்கத்தை முதலில் சரிசெய்கிறேன். புதிய வரைவு:

"பொருள்: வேதிப்பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி, ஆர்.ஓ. மற்றும் எவாப்பரேட்டர் பணி பற்றி 20 நிமிட உரையாடல் வேண்டி

வணக்கம் சார். நான் நம் கல்லூரியில் வேதிப்பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். துறையின் முன்னாள் மாணவர் பட்டியலில் தங்கள் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் பார்த்தேன். கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் துறையில் பணிபுரிய விரும்புகிறேன். அடுத்த பருவத்தில் மெம்பரேன் வழிப் பிரித்தெடுத்தல், வெப்பப் பரிமாற்றக் கருவிகளின் வடிவமைப்பு ஆகிய இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். தங்கள் நிலையத்தில் இந்த இரண்டு பகுதிகளும் அருகருகே இயங்குவதால் தங்களிடம் கேட்கத் தோன்றியது.

புதிய பொறியாளர் தங்கள் நிலையத்தில் முதல் ஆண்டை எந்தப் பகுதியில் கழிக்கிறார்? அங்கே எது அவருக்கு மிகக் கடினமாக இருக்கிறது? இத்துறையில் தொடக்கச் சம்பளம் எவ்வளவு? கலப்பு உப்பை என்ன செய்கிறீர்கள்? இத்துறையின் எதிர்காலம் எப்படி இருக்கும்?

தங்களால் 20 நிமிடம் ஒதுக்க முடியுமானால், அடுத்த வாரம் செவ்வாய் அல்லது வியாழன் மாலை 6 மணிக்குப் பின், அல்லது ஞாயிறு காலை பேசலாம். கூகுள் மீட் இணைப்பை நான் அனுப்புகிறேன். வேலையோ பயிற்சியோ கேட்டு எழுதவில்லை. இப்போது நேரம் இல்லையென்றால் அப்படியே ஒரு வரி எழுதினாலும் போதும். நன்றி."

---

உப்பும் நீரும் எழுதியது:

இது பதில் எழுதத் தூண்டும் மடல். பட்டியலில் எங்கே பார்த்தீர்கள் என்று சொன்னது நல்லது. தன் முகவரி எப்படிக் கிடைத்தது என்பதே பலருக்கு முதல் ஐயமாக இருக்கும். இனிக் குறைக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

ஐந்து கேள்விகள் 20 நிமிடத்தில் அடங்காது. மடலைப் படிப்பவர் இது ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டுவிடுவார். முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். துறையின் எதிர்காலம் என்பது வேண்டாம், அதற்கு யாரும் பொதுவாகத்தான் விடை சொல்வார்கள். சம்பளத்தை எழுத்தில் கேட்டால் அவரால் எழுத்தில் விடை சொல்ல முடியாது. உரையாடல் நன்றாகப் போனால் இறுதியில், "புதிதாகச் சேர்பவர்கள் எந்த அளவில் தொடங்குகிறார்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள்.

கலப்பு உப்புக் கேள்வி நல்ல கேள்விதான், நீங்கள் படித்திருக்கிறீர்கள் என்பதை அது காட்டுகிறது. எவாப்பரேட்டரில் நல்ல உப்பைப் பிரித்து எடுத்த பின் எஞ்சும் கலப்பு உப்பைச் சாயத்துக்கு மீண்டும் பயன்படுத்த முடியாது. கூடாரங்களில் மூட்டை மூட்டையாக அடுக்கி மழை படாமல் காக்க வேண்டியிருக்கிறது. அது பல நிலையங்களின் தீராத கவலை. அதனாலேயே முன்பின் தெரியாதவரிடமிருந்து முதல் மடலில் அந்தக் கேள்வி வந்தால் குறை தேடுவதாகப் படும். அவரே உப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் அப்போது கேளுங்கள்.

"வேலையோ பயிற்சியோ கேட்டு எழுதவில்லை" என்ற வரியை இருக்க விடுங்கள். ஆனால் அந்த வரியை எழுதிய பின் உரையாடலின் நடுவில் பயிற்சி கேட்கக் கூடாது. அவராக முன்வந்து சொன்னால் அது வேறு.

---

கரூர் அப்பா எழுதியது:

மன்னிக்க வேண்டும், நான் வேலை தேடுவதாக எண்ணிவிட்டேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வேலை கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நாளை அதே இடத்தில் ஆள் எடுக்கும்போது எப்படிக் கேட்பாள்? கதவைத் தானே அடைத்துக்கொள்வது ஆகாதா?

---

பின்னலாடை அக்கா எழுதியது:

ஆகாது, ஐயா. இன்றைக்கு எழுதும் மடலுக்குத்தான் அந்த வரி பொருந்தும். நான்காம் ஆண்டில் தனி மடலில், "சென்ற ஆண்டு பேசினோம், தாங்கள் சொன்னபடி இந்தப் பாடத்தை எடுத்தேன், இப்போது வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்" என்று எழுதினால், அதை யாரும் வாக்கு மீறியதாக நினைக்க மாட்டார்கள். முன்பு பேசியவருக்கு அந்த மாணவி யாரென்று தெரிந்திருப்பதால் பரிந்துரைப்பதும் எளிது. ஆனால் உரையாடல் முடிந்த மறுநாள் நன்றி மடல் எழுதியிருக்க வேண்டும். எந்தப் பாடத்தை எடுத்தாள் என்பதையும் தெரிவித்திருக்க வேண்டும். என்னிடம் பேசியவர்களில் பலர் நன்றி சொல்வதோடு நிறுத்திவிடுகிறார்கள், என்ன முடிவெடுத்தார்கள் என்று சொல்வதில்லை. எனக்கு அதைத்தான் தெரிந்துகொள்ள ஆசை.

---

ஏற்காட்டுக்காரர் எழுதியது:

பதில் வராவிட்டால் என்ன செய்வது? என் கருத்துப்படி ஒரு வாரம் பொறுத்து, வாட்ஸ்அப் குழுவில் அவர் இருந்தால் அங்கேயே கேட்டுவிடலாம்.

---

உப்பும் நீரும் எழுதியது:

குழுவில் கேட்பதை மட்டும் செய்ய வேண்டாம். எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லிக் கேட்டால் மறுக்க முடியாத நிலையில் அவரை வைக்கிறீர்கள். அப்படிப் பெற்ற 20 நிமிடத்தில் அவர் மனம்விட்டுப் பேச மாட்டார்.

ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் வரை பொறுத்து, பழைய மடலுக்கே மறுமொழியாக இரண்டு வரி எழுதுங்கள். "சார், முந்தைய மடலைத் தாங்கள் பார்க்க இயலாமல் போயிருக்கலாம் என்பதால் மீண்டும் எழுதுகிறேன். பாடத் தேர்வுக்கான கடைசி நாள் இது, அதற்கு முன் பேச முடிந்தால் மிக உதவியாக இருக்கும்" என்பது போதும். உண்மையான கடைசி நாள் இருப்பது உங்களுக்கு நல்லது, அது அவசரத்துக்குக் காரணம் சொல்கிறது. அதற்கும் பதில் இல்லையென்றால் அவரை விட்டுவிட்டு, அதே பட்டியலில் அடுத்தவருக்கு எழுதுங்கள். பண்டிகைக்கு முந்தைய ஏற்றுமதி நெருக்கடியில் சாயப்பட்டறைகள் முழு வேகத்தில் ஓடும்போது நிலையத்துக்கு நீர் கூடுதலாக வரும், அப்போது யாருக்கும் மடல் பார்க்க நேரம் இருக்காது. மௌனத்துக்கு நீங்கள் காரணமாக இல்லாமலும் இருக்கலாம்.

லிங்க்டுஇன் வழியாக அனுப்புவதாக இருந்தால், இணைப்புக் கோரிக்கையோடு சேர்க்கும் குறிப்பு மிகச் சிறியது, இந்த மடல் அதில் அடங்காது. அங்கே, "வணக்கம் சார். நம் துறையின் மூன்றாம் ஆண்டு மாணவி. ஆர்.ஓ., எவாப்பரேட்டர் பணி பற்றி இரண்டு கேள்விகள் கேட்க விரும்புகிறேன். இணைந்தால் விவரமாக எழுதுகிறேன்" என்று மட்டும் எழுதுங்கள். உரையாடல் கோரிக்கையை அவர் இணைந்த பிறகு அனுப்பலாம்.

---

பவானி மாணவி எழுதியது:

கேள்விகளை இரண்டாகக் குறைத்து, கடைசியில் ஆங்கிலத்திலேயே எழுதி, தமிழில் பேச விரும்புவதாக ஒரு வரி சேர்த்து, கல்லூரி முகவரியிலிருந்து அனுப்பினேன். அவரிடமிருந்து பதில் வந்திருக்கிறது, அதுவும் தமிழில். அதை அப்படியே இங்கே இடுவது முறையல்ல. இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து, "இதைத் தொலைபேசியில் சொல்வதைவிட நேரில் பார்த்தால் விளங்கும், ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்கு வாருங்கள்" என்ற பொருளில் எழுதியிருக்கிறார். மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் 20 நிமிடம் கேட்டவள் அரை நாள் எடுத்துக்கொள்வது சரியா என்ற தயக்கமும் இருக்கிறது. வீட்டில் தனியாக அனுப்பவும் யோசிக்கிறார்கள்.

---

பின்னலாடை அக்கா எழுதியது:

வகுப்புத் தோழி ஒருத்தியை உடன் அழைத்து வரலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், அவர் மறுக்கக் காரணம் இல்லை. மறுத்தால் போக வேண்டாம், கூகுள் மீட்டில் பேசுவோம் என்று சொல்லிவிடலாம்.

---

ஏற்காட்டுக்காரர் எழுதியது:

எனக்கு இது சற்று அவசரமாகத் தோன்றுகிறது. முதலில் 20 நிமிடம் பேசிவிட்டு, பிறகு நிலையத்துக்குப் போவதுதான் முறை என்பேன். ஆளைத் தெரிந்துகொண்ட பின் போகலாமே.

---

உப்பும் நீரும் எழுதியது:

அவர் அழைத்ததை ஏற்பது அவருக்கு மரியாதை என்று நான் நினைக்கிறேன். ஏற்காட்டுக்காரரின் தயக்கத்திலும் காரணம் இருக்கிறது. பெற்றோரோடு பேசி முடிவெடுங்கள். போவதாக இருந்தால் சிலவற்றை இப்போதே கேட்டு எழுதுங்கள். வாயிலில் யார் பெயரைச் சொல்ல வேண்டும், துறைத்தலைவரின் கடிதம் வேண்டுமா, ஞாயிறன்று எவாப்பரேட்டர் ஓடுமா? சாயப்பட்டறைகள் விடுமுறையில் இருக்கும் நாளில் சில நிலையங்கள் அதைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். நின்றிருந்தால் உள்ளே குழாய்களில் படிந்திருக்கும் உப்புப் படிவைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு கிடைக்கலாம், ஓடும் நாளில் அது கிடைக்காது. முழுவதும் மூடிய காலணி அணியுங்கள், துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

நேரத்தைப் பற்றி அவரிடமே, "எத்தனை மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும், சார்?" என்று வந்தவுடன் கேட்டுவிடுங்கள். அவர் சொல்லும் மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே நீங்களாக விடைபெறுங்கள். அந்த இரண்டு கேள்விகளையும் தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். நிலையத்தைச் சுற்றி வரும்போது பேச்சு பம்புகளிலும் தொட்டிகளிலும் போய்விடும். மெம்பரேன் பாடமா, வெப்பப் பரிமாற்றப் பாடமா என்பதற்கு விடை பெறாமலே திரும்பிவிடக் கூடும்.

---

பவானி மாணவி எழுதியது:

தோழியோடு வருவதற்கு அனுமதி கேட்டு எழுதிவிட்டேன், எவாப்பரேட்டர் ஓடுமா என்றும் கேட்டிருக்கிறேன். அப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா மறுத்தால் கூகுள் மீட்டில் பேசலாமா என்று சாரிடம் கேட்பேன். எது நடந்தாலும், எந்தப் பாடத்தை எடுத்தேன் என்பதைச் சாருக்கும் இங்கேயும் எழுதுகிறேன்.